நாலு நாள் வாரம் கேட்டு டைரக்டருக்கு ஒரு மின்னஞ்சல்

நாலு நாள் வேலை வாரம் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் புழங்குகின்றன. ஒன்றில் வேலை நேரமே குறைகிறது. 40 மணி நேரம் உழைத்தவர் 32 மணி நேரம் உழைத்து அதே சம்பளத்தை வாங்குகிறார். மற்றொன்றில் நேரம் குறைவதில்லை. ஐந்து நாளில் செய்த 40 மணி நேரத்தை நாளுக்குப் பத்து மணி நேரமாக நான்கு நாளில் செய்து முடிக்கிறார். இரண்டாவதுதான் சுருக்கிய வாரம். ஒரு குழுவின் தலைவர் தம் டைரக்டரிடம் இதைச் சோதனையாக நடத்திப் பார்க்க அனுமதி கேட்டு அனுப்பும் மின்னஞ்சல் எப்படி அமைய வேண்டும், அதை எழுதுவதற்கு முன் என்னென்ன கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இத்தகைய மின்னஞ்சல்களில் அதிகம் காணப்படும் பிழை. குழுத் தலைவர் இணையத்தில் தேடுகிறார். மைக்ரோசாஃப்டின் ஜப்பான் கிளை 2019 ஆகஸ்டில் வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை விட்டபோது ஊழியர் ஒருவருக்கான விற்பனை, முந்தைய ஆண்டின் ஆகஸ்டைவிடச் சுமார் 40 சதவீதம் கூடியதாக அந்த நிறுவனம் அறிவித்த செய்தி கண்ணில் படுகிறது. 2022 ஜூன் முதல் டிசம்பர் வரை பிரிட்டனில் 61 நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய சோதனையும், அவற்றில் 56 நிறுவனங்கள் சோதனைக்குப் பிறகும் அந்த முறையைத் தொடர்ந்ததும் கிடைக்கின்றன. இரண்டையும் மடலில் சேர்த்துவிடுகிறார். ஆனால் அந்த இரண்டு சோதனைகளும் நேரத்தைக் குறைத்தவை. அங்கே ஊழியர்களுக்கு ஓய்வு கூடியது. சுருக்கிய வாரத்தில் மொத்த ஓய்வு நேரம் கூடுவதே இல்லை, அது வேறு இடத்துக்கு மாற்றப்படுகிறது. நேரத்தைக் குறைத்ததால் கிடைத்த பலனைக் காட்டி நேரத்தைச் சுருக்க அனுமதி கேட்டால், விவரம் தெரிந்த டைரக்டர் அந்த ஓட்டையை முதல் பத்தியிலேயே பிடித்துவிடுவார். பிறகு மீதி மடலை அவர் நம்ப வேண்டிய அவசியமில்லை.

சுருக்கிய வாரத்துக்கு உண்மையான முன்னுதாரணம் வேண்டுமானால் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைப் பார்க்க வேண்டும். 2008 ஆகஸ்டில் அப்போதைய ஆளுநர் ஜான் ஹன்ட்ஸ்மன் அரசு அலுவலகங்களைத் திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்குப் பத்து மணி நேரம் இயங்க வைத்து, வெள்ளிக்கிழமை மூடச் சொன்னார். மின்செலவும் எரிபொருள் செலவும் குறையும் என்பது கணக்கு. மிச்சமான தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. வெள்ளிக்கிழமை அலுவலகம் திறக்கவில்லை என்று மக்களும் குறைபட்டார்கள். 2011-ல் மாநிலச் சட்டமன்றம் ஐந்து நாள் வாரத்தைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. அடுத்து வந்த ஆளுநர் அதைத் தடுத்தும், சட்டமன்றம் அவருடைய மறுப்பைத் தாண்டி நிறைவேற்றியது. ஒரு குழுத் தலைவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. சேமிப்பைப் பெரிதாகச் சொல்லி அனுமதி வாங்கினால், அந்தச் சேமிப்பு வராதபோது திட்டமும் போய்விடும். எல்லோருக்கும் ஒரே நாளில் விடுமுறை விட்டால், அந்த நாளில் சேவை கேட்டு வருபவர்தான் திட்டத்தின் முதல் எதிரி ஆவார்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு பின்னணியும் உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்துக்கான திருத்த மசோதா ஒன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு அது வழிவிட்டது. நாலு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டாலும், தொழிற்சங்கங்களும் ஆளும் கூட்டணியிலிருந்த கட்சிகளுமே கடுமையாக எதிர்த்தன. சில நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்த நினைவு இன்னும் ஆறவில்லை. நாலு நாள் என்று சொன்னதும் ஊழியர்கள் பலருக்கு விடுமுறை தோன்றுவதில்லை, நீண்ட பகல்தான் தோன்றுகிறது. அந்தச் சந்தேகம் நியாயமானது. மடல் எழுதுபவர் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஒரு மாதிரிக் குழுவை எடுத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். சென்னையில் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் எட்டுப் பேர் கொண்ட கணினி உதவிக் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளைகளில் பில் போடும் மென்பொருள் நின்றுபோனால் இவர்களுக்குத்தான் டிக்கெட் வரும். கிளைகள் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 மணிக்குத் திறக்கின்றன. குழுவோ 9 மணிக்கு வந்து, ஒரு மணி நேர உணவு இடைவேளையுடன் 6 மணிக்குக் கிளம்புகிறது. ஆகவே தினமும் முதல் ஒரு மணி நேரத்து டிக்கெட்டுகள் பதிலில்லாமல் காத்துக் கிடக்கின்றன. மென்பொருளில் மாற்றம் செய்ய வேண்டுமானால் கிளைகள் மூடியபின்தான் செய்ய முடியும். அதற்காக யாராவது ஒருவர் இரவில் தங்குகிறார், அல்லது சனிக்கிழமை வருகிறார்.

இந்தக் குறைதான் மடலின் அடித்தளம். ஊழியர்களுக்கு நீண்ட வார இறுதி வேண்டும் என்பது உண்மையான, கண்ணியமான காரணம். ஆனாலும் அதை மட்டும் கொண்டு டைரக்டர் முடிவெடுக்க முடியாது. காலை 8 மணி முதல் இரவு 7 மணி வரை என்று வேலை நாளை நீட்டினால், இடைவேளை போகப் பத்து மணி நேர வேலை கிடைக்கிறது. கிளைகளின் காலை நேரத்துக்கும் ஆள் இருக்கிறது, மாலை மாற்றங்களுக்கும் நேரம் இருக்கிறது. நிறுவனத்துக்கு ஏற்கெனவே வலிக்கும் இடத்தில் சுருக்கிய வாரம் பொருந்தினால் மட்டுமே கேட்பதில் பயனுண்டு. அப்படிப் பொருந்தாத குழுக்களும் உண்டு. வாடிக்கையாளர் 9 முதல் 6 வரை மட்டுமே தொடர்பு கொள்வார் என்றால், நீட்டிய இரண்டு மணி நேரமும் வெறும் நாற்காலி நேரமாகிவிடும்.

அடுத்தது, யாருக்கு எந்த நாள் ஓய்வு என்பது. எல்லோரும் வெள்ளிக்கிழமையைத்தான் கேட்பார்கள். அது யூட்டா செய்த தவறு. பாதிப் பேருக்குத் திங்கள், பாதிப் பேருக்கு வெள்ளி என்று பிரிப்பது பார்வைக்கு நியாயமாகத் தெரியும், ஆனால் கடந்த ஆறு மாத டிக்கெட் பதிவைத் திறந்து பார்க்காமல் அப்படி முடிவு செய்யக் கூடாது. நம் மாதிரிக் குழுவுக்குச் சராசரியாகத் திங்களன்று 96, செவ்வாயன்று 80, புதனன்று 60, வியாழனன்று 76, வெள்ளியன்று 56 டிக்கெட் வருகின்றன என்று கொள்வோம். திங்கள்தான் மிகக் கனமான நாள், அன்று ஆளைக் குறைக்கவே முடியாது. இலகுவான நாட்கள் புதனும் வெள்ளியும். ஆகவே ஒரு பாதிக்குப் புதன், மறு பாதிக்கு வெள்ளி ஓய்வு. புதன் ஓய்வுக்காரர்களுக்கு நீண்ட வார இறுதி கிடைக்காது என்பதால், நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரு பாதிகளும் இடம் மாறிக்கொள்ள வேண்டும்.

எட்டுப் பேரும் இந்த முறைக்கு மாறினால் புதனன்று நான்கு பேர், ஆளுக்குப் பத்து மணி நேரம், மொத்தம் 40 மணி நேரம். 60 டிக்கெட்டை 40 மணி நேரத்தில் முடிக்க மணிக்கு ஒன்றரை டிக்கெட் பார்க்க வேண்டும். இப்போது திங்கட்கிழமைகளில் எட்டுப் பேர் 64 மணி நேரத்தில் 96 டிக்கெட் பார்க்கிறார்கள். அதுவும் மணிக்கு ஒன்றரைதான். அதாவது புதன்கிழமை, இப்போதைய திங்கட்கிழமையின் பரபரப்பை அடைந்துவிடும். ஓடும், ஆனால் மூச்சு வாங்கும். அந்த நால்வரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் 30 மணி நேரமே மிஞ்சும், வேகம் மணிக்கு இரண்டாகிவிடும். குழு இதுவரை ஓடியிராத வேகம் அது. டைரக்டர் கேட்கப்போகும் முதல் கேள்வியே இதுதான். இந்தக் கணக்கைப் போடாமல் அனுப்பிய மடல் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும்.

விடை எதிர்பாராத பக்கத்திலிருந்து வருகிறது. எட்டுப் பேரும் உண்மையிலேயே இதை விரும்புகிறார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். குழுக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் எல்லாக் கையும் எழும், தலைவர் ஆர்வமாகக் கேட்பதை யாரும் மறுக்கத் துணிவதில்லை. தனித்தனியே, முடியாது என்றாலும் பரவாயில்லை என்று சொல்லிக் கேட்டால்தான் உண்மை வரும். குழந்தையை ஆறரை மணிக்குள் காப்பகத்திலிருந்து அழைத்துவர வேண்டியவர், தாம்பரத்துக்கு அப்பாலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை வரை தினமும் வந்து போகிறவர், வீட்டில் படுத்த படுக்கையாக உள்ள பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர் ஆகியோருக்குப் பத்து மணி நேர நாள் என்பது வீட்டிலிருந்து கிளம்பித் திரும்பப் பதின்மூன்று மணி நேரம் ஆகும் நாள். இப்படி இருவர் பழைய நேரத்திலேயே இருக்க விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த இருவரால் திட்டம் கெடுவதில்லை, பலப்படுகிறது. ஆறு பேர் சுருக்கிய வாரத்தில் மும்மூன்றாகப் பிரிகிறார்கள். புதனன்று மூவர் பத்து மணி நேரமும், இருவர் எட்டு மணி நேரமும் இருப்பார்கள். மொத்தம் 46 மணி நேரம். 60 டிக்கெட்டுக்கு மணிக்கு 1.3 என்ற வேகம் போதும். மூவரில் ஒருவர் வராவிட்டாலும் 36 மணி நேரம் மிஞ்சுகிறது. வேகம் 1.7-ஐத் தொட்டாலும் ஒரு நாளைக்குத் தாங்கலாம். ஐந்து நாளும் வரும் அந்த இருவர்தான் மெலிந்த நாட்களின் தூண்கள். விருப்பமில்லாதவருக்கு விலக்கு அளிப்பதைச் சலுகையாக எழுதாமல், திட்டத்தின் கட்டுமானமாகவே மடலில் எழுதலாம்.

இனிச் சட்டம். பெரும்பாலான மடல்களில் இது ஒரு வரியாகக்கூட வருவதில்லை. தமிழ்நாட்டில் இத்தகைய அலுவலகங்களுக்குப் பொதுவாகப் பொருந்துவது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது வரம்பு. ஓவர்டைம் ஊதியம் கொடுத்தால் நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வரை போகலாம். அந்த ஊதியம் வழக்கமான விகிதத்தைப்போல் இரு மடங்கு. ஆக, வாரக் கணக்கில் 40 மணி நேரம் வரம்புக்குள் வசதியாக அடங்குகிறது. இடிப்பது நாள் கணக்கில். நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் நான்கு நாளில் எட்டு மணி நேரம் வரம்பைத் தாண்டுகிறது. ஆறு பேருக்கு வாரத்தில் 48 மணி நேரம் ஓவர்டைம் என்று ஒருவர் உரிமை கோரினால் அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. மொத்த நேரம் கூடவில்லையே என்ற வாதம் அங்கே எடுபடாது, சட்டம் ஒவ்வொரு நாளையும் தனியாக அளக்கிறது.

இதற்கு வழியில்லாமல் இல்லை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரமும் மாநில அரசுக்கு உண்டு. குறிப்பிட்ட நிறுவனத்தின் நிலை என்ன, அது எந்த விலக்கின் கீழ் வருகிறது என்பதை எச்.ஆர். பிரிவும் சட்டப் பிரிவும்தான் எழுத்தில் சொல்ல முடியும். குழுத் தலைவர் தாமே விடை சொல்ல முயலக் கூடாது, கேள்வியைச் சரியாக எழுப்பினால் போதும். ஆனால் அந்தக் கேள்வி மடலில் கட்டாயம் இருக்க வேண்டும். டைரக்டர் ஒப்புக்கொண்டு, இரண்டு மாதம் ஓடியபின் எச்.ஆர். வந்து நிறுத்தச் சொல்வது மூவருக்குமே சங்கடம்.

பத்து மணி நேரம் என்பதே சட்டத்தின் உச்சிவரம்பு என்பதால் இன்னொரு சிக்கலும் எழுகிறது. எட்டு மணி நேர நாளில் மாலை ஆறு மணிக்குப் பெரிய கோளாறு வந்தால் ஒருவர் இன்னும் இரண்டு மணி நேரம் இருந்து பார்க்கலாம். பத்து மணி நேரம் உழைத்து முடித்தவருக்கு அப்படி நீட்ட இடமே இல்லை. ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சர்வர் படுத்தால் யார் இருப்பது? ஆறு பேரில் ஒருவர் முறைவைத்துக் காலை 10 மணிக்கு வந்து இரவு 9 மணிக்குப் போவது ஒரு தீர்வு. அதை முன்பே சொல்லிவைக்காவிட்டால், பழக்கத்தால் எல்லோரும் ஏழரை, எட்டு என்று தங்கிவிடுவார்கள். நாலு நாள் வாரம் மூன்றே வாரத்தில் 44 மணி நேர வாரமாகிவிடும்.

லீவுக் கணக்கும் பண்டிகை விடுமுறையும் சிறியவை போலத் தெரியும், ஆனால் சண்டை அங்கேதான் தொடங்கும். ஒரு நாள் லீவு எடுத்தால் இப்போது எட்டு மணி நேரம் கழிகிறது. சுருக்கிய வாரத்தில் பத்து மணி நேரம் கழியும். ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு என்றால் அது 96 மணி நேரம், பத்து மணி நேர நாட்களாக 9.6 நாள். நாளாக எண்ணினால் சுருக்கிய வாரக்காரர்களுக்கு 24 மணி நேரம் கூடுதலாகக் கிடைத்துவிடும், பக்கத்து இருக்கைக்காரர் கேள்வி கேட்பார். மணிக் கணக்கில் எண்ணுவதே நேர்மை. பண்டிகை விடுமுறைக்கு இதைவிட எளிய வழி உண்டு. விடுமுறை வரும் வாரத்தில் எல்லோரும் பழைய முறைக்குத் திரும்பி, மீதி நான்கு நாளும் எட்டு மணி நேரம் வேலை செய்தால் போதும். மற்ற குழுக்களும் அந்த வாரம் 32 மணி நேரம்தான் உழைக்கின்றன. யாருக்கும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

வெள்ளோட்டத்தை எப்போது தொடங்குவது, எதை அளப்பது என்பவை மீதமுள்ளன. நிதியாண்டு முடியும் மார்ச், பொங்கல் வரும் ஜனவரி, தீபாவளிக் காலம் ஆகியவற்றில் தொடங்கினால் கிடைக்கும் எண்களை நம்ப முடியாது. ஜூலை முதல் திங்கட்கிழமை தொடங்கிப் பன்னிரண்டு வாரம் என்பது பொருத்தமானது. இடையில் சுதந்திர தினம் வருவதால் விடுமுறை வார ஏற்பாடும் சோதிக்கப்படும். நான்கு வாரம் போதாது. புதிதாகக் கிடைத்த ஓய்வு நாளின் உற்சாகத்தில் முதல் மாதம் எந்தத் திட்டமும் நன்றாகத்தான் ஓடும். களைப்பு இரண்டாம் மாதத்தில்தான் தெரியவரும்.

அளப்பதற்கு மூன்று விஷயங்கள் போதும். முதல் பதில் எத்தனை நிமிடத்தில் போனது என்பது ஒன்று. மூடிய டிக்கெட்டுகளில் எத்தனை மீண்டும் திறக்கப்பட்டன என்பது இரண்டாவது. இதை நாள்வாரியாகப் பார்ப்பதோடு நேரவாரியாகவும் பார்க்க வேண்டும். மாலை 5 மணிக்குப் பிறகு மூடியவை மட்டும் அதிகமாகத் திரும்பி வந்தால், ஒன்பதாவது பத்தாவது மணி நேரத்து வேலையில் களைப்பு கலந்திருக்கிறது என்று பொருள். மொத்தச் சராசரி அதை மறைத்துவிடும். மூன்றாவது, ஓய்வு நாளில் இருப்பவரை அலுவலகம் எத்தனை முறை தொடர்பு கொண்டது என்பது. வாட்ஸ்அப்பில் கேட்ட ஒரு சின்னச் சந்தேகமும் கணக்கில் வர வேண்டும். இந்த எண் வாரந்தோறும் ஏறினால் ஓய்வு நாள் ஐந்தாவது வேலை நாளாகிக்கொண்டிருக்கிறது, அதுவும் சம்பளமில்லாத வேலை நாள். ஊழியர் நலன் பற்றிப் பத்துக் கேள்வி கொண்ட படிவத்தைவிட இந்த ஒரு எண் உண்மையைச் சொல்லும். முதல் இரண்டு அளவுகளுக்கும் வெள்ளோட்டத்துக்கு முந்தைய பன்னிரண்டு வார எண்கள் கையில் இருக்க வேண்டும், அவை இல்லாமல் ஒப்பிட முடியாது.

இத்தனையும் தீர்ந்தபின் எழுதும் மடல் சிறியதாகவே இருக்கும். அலுவலகங்களில் இது ஆங்கிலத்தில் போவதே வழக்கம் என்றாலும், அமைப்பைக் காட்டுவதற்காக இங்கே தமிழில்:

பொருள்: கணினி உதவிக் குழு – சுருக்கிய வாரம், 12 வார வெள்ளோட்டத்துக்கு அனுமதி (ஜூன் 10-க்குள் முடிவு தேவை)

வணக்கம் மேடம்,

எங்கள் குழுவில் 6 பேர் இப்போது செய்யும் அதே 40 மணி நேரத்தை நான்கு நாளில் செய்து பார்க்க, ஜூலை முதல் திங்கள் தொடங்கி 12 வாரத்துக்கு உங்கள் அனுமதி வேண்டும். மற்ற இருவர் அவர்கள் விருப்பப்படி இப்போதைய நேரத்திலேயே தொடர்வார்கள். சம்பளத்தில் மாற்றமில்லை. புதிய ஆள் தேவையில்லை.

காரணம்: கிளைகள் காலை 8 மணிக்குத் திறக்கின்றன, நாங்கள் 9 மணிக்கு வருகிறோம். மென்பொருள் மாற்றங்களுக்காக இரவிலும் சனிக்கிழமையிலும் ஆள் வர வேண்டியிருக்கிறது. புதிய முறையில் காலை 8 முதல் இரவு 7 வரை குழு இருக்கும், ஒருவர் முறைவைத்து 9 வரை இருப்பார்.

ஆள் இருப்பு: திங்கள், செவ்வாய், வியாழன் 8 பேரும் இருப்பார்கள். டிக்கெட் குறைவான புதனிலும் வெள்ளியிலும் 5 பேர். எந்த நாளும் குழு மூடியிருக்காது. அட்டவணையும் ஆறு மாத டிக்கெட் கணக்கும் இணைப்பில் உள்ளன.

சட்டம்: நாளுக்கு 8 மணி நேரத்தைத் தாண்டுவதால் ஓவர்டைம் கேள்வி எழலாம். எச்.ஆர். மற்றும் சட்டப் பிரிவின் எழுத்துப்பூர்வமான கருத்து வந்த பிறகே தொடங்குவோம். அவர்களிடம் கேட்க உங்கள் ஒப்புதல் வேண்டும்.

நிறுத்தும் விதி: 30 நிமிடத்துக்குள் முதல் பதில் போகும் டிக்கெட்டுகள் இப்போது 92 சதவீதம். தொடர்ந்து இரண்டு வாரம் 90-க்குக் கீழே போனால், அடுத்த திங்கள் முதல் நாங்களே பழைய முறைக்குத் திரும்பிவிடுவோம். நீங்கள் எப்போது சொன்னாலும் நிறுத்துவோம். 12 வாரம் முடிந்ததும், நீங்கள் நீட்டிக்கச் சொன்னாலொழிய, தானாகவே ஐந்து நாள் வாரம் திரும்பும்.

இதைப் பேச அடுத்த வாரம் 20 நிமிடம் ஒதுக்க முடியுமா? செவ்வாய் அல்லது வியாழன் மாலை எனக்கு வசதி.

நன்றி.

இந்த மடலின் முதல் பத்தியிலேயே கோரிக்கை முழுதாக வந்துவிடுகிறது. கைபேசியில் படிக்கும் டைரக்டர் அந்த நான்கைந்து வரிகளோடு நிறுத்திவிட்டாலும் விஷயம் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவர் தனியாக முடிவெடுப்பவரும் அல்லர். எச்.ஆர். தலைவருக்கும் தமக்கு மேலே உள்ளவருக்கும் இதை அப்படியே அனுப்புவார். குழுத் தலைவர் பக்கத்தில் நின்று விளக்க முடியாத இடத்திலும் மடல் தானாகப் பேச வேண்டும். மற்ற நிறுவனங்கள் எதுவும் இதில் குறிப்பிடப்படவில்லை என்பதையும் கவனிக்கலாம். ஜப்பானும் பிரிட்டனும் இல்லாமலேயே வாதம் நிற்கிறது.

மடலில் அதிகக் கனமுள்ள பத்தி நிறுத்தும் விதிதான். டைரக்டர்கள் பயப்படுவது வெள்ளோட்டத்தைக் கண்டு அல்ல, அது திரும்பப் பெற முடியாத உரிமையாக மாறிவிடுமோ என்பதைக் கண்டுதான். ஒருமுறை கொடுத்த வெள்ளிக்கிழமையைப் பிடுங்கும் கெட்ட பெயர் தமக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். தானாகவே முடிந்துவிடும் ஏற்பாடாக அமைத்தால் அந்தப் பெயர் அவருக்கு வராது. நிறுத்தும் அளவைக் குழுவே முன்வந்து சொல்வதால் கண்காணிக்கும் வேலையும் அவர் தலையில் விழாது. இதே காரணத்தால் அந்த அளவு உண்மையானதாக இருக்க வேண்டும். எப்படியும் எட்டிவிடக்கூடிய 70 சதவீதத்தை எழுதிவைத்தால் அவருக்குப் புரிந்துவிடும்.

பக்கத்துக் குழுவும் இதையே கேட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் அவர் மனதில் இருக்கும். மடலில் அதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை, நேரில் கேட்டால் சொல்லலாம். டிக்கெட் கணக்கு, விருப்பம் இல்லாதவர்களுக்கு விலக்கு, சட்டக் கருத்து, நிறுத்தும் அளவு ஆகிய நான்கும் காட்ட முடிந்த குழு மட்டும் கேட்கட்டும் என்பதே பதில். கிளைகளோடு தொடர்பில்லாத, வேறு குழுக்களின் வேலையை நம்பியிருக்கும் குழுவால் அந்தக் கணக்கைக் காட்ட முடியாது.

அனுமதி கிடைக்காமலும் போகலாம். அப்போது பேரம் பேச இடமுள்ள ஒரு மாற்றை மனதில் வைத்திருப்பது நல்லது. இரண்டு வாரத்தின் 80 மணி நேரத்தை ஒன்பது நாளில் முடித்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு எடுக்கும் முறையும் வழக்கத்தில் உண்டு. நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே வரும். களைப்பும் குறைவு, மெலியும் நாட்களும் பாதிதான். ஆனால் அதுவும் எட்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஆகவே சட்டப் பிரிவிடம் கேட்கும் கேள்வியிலிருந்து அதற்கும் விலக்கில்லை.

பெல்ஜியத்தில் 2022 நவம்பர் முதல், முழுநேர ஊழியர் தம் வார வேலையை நான்கு நாளில் செய்ய அனுமதி கேட்பதைச் சட்டமே ஒழுங்குபடுத்தியிருக்கிறது. கொடுத்த அனுமதி ஆறு மாதம் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். மறுக்கும் முதலாளி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தமிழ்நாட்டு அலுவலகங்களில் அத்தகைய உரிமை இல்லை. இங்கே டைரக்டர் மடலுக்குப் பதிலே எழுதாமலும் இருக்கலாம். அதனால்தான் பொருள் வரியில் முடிவுத் தேதியும், கடைசி வரியில் இருபது நிமிடச் சந்திப்பும் தவறாமல் இடம்பெற வேண்டும்.